குடி நின்னதும் நடுங்குற உடம்பு: வார்டுல ஸ்கோர், டயசிபாம், தயமின்

தோட்டத்துல இருந்து மெடிக்கல் வார்டுக்கு வர்ற ஆம்பளைங்கள்ல நெறய பேர் குடிக்காக வர்றதில்ல. கால் வீங்கி வருவாங்க, குளவி கொட்டி வருவாங்க, நெஞ்சு சளியோட வருவாங்க. ஆனா வார்டுல படுத்த நிமிஷத்துல இருந்து குடி நின்னுடுது, அதை யாரும் முடிவு பண்ணி நிப்பாட்டல, கட்டில்ல படுத்திருக்கிறதால நின்னுடுச்சு. அதனாலதான் மொத நாள் அமைதியா பாணும் டீயும் சாப்பிட்ட மனுசன் ரெண்டாம் நாள் ராத்திரி சேலைனைப் புடுங்கிட்டு "வீட்டுக்குப் போகணும்"னு நிக்கிறார். புதுசா வார்டுக்கு வந்திருக்கிற நர்ஸ் தம்பி தங்கச்சிங்களுக்கும் ஹவுஸ் ஒபீசர்மாருக்கும் இந்த ரெண்டாம் நாள் ராத்திரிய எப்படி முன்கூட்டியே பிடிக்கிறது, பிடிச்சா எவ்வளவு மருந்து, எப்ப திரும்பப் பார்க்கிறதுன்னு ஒரு ஆளோட கணக்கை வச்சே சொல்றேன்.

மொதல்ல ஏன் நடுங்குதுன்னு பார்ப்போம். சாராயம் மூளைய அமைதிப்படுத்துற காபா வேலைய கூட்டிவிடும், உசுப்பிவிடுற குளூட்டமேட் வேலைய அமுக்கிவிடும். வருசக்கணக்கா தினமும் குடிச்சா மூளை அதுக்குத் தக்கபடி தன்னை மாத்திக்கும், காபாவுக்குக் காது குடுக்கிறதைக் குறைச்சுக்கும், குளூட்டமேட் பக்கத்தைக் கூட்டிக்கும். சுமை ஏத்தின லொறி ஏத்தத்துல முழு எக்ஸலேட்டர்ல போய்க்கிட்டு இருக்கும்போது சுமைய மட்டும் சட்டுன்னு எறக்கிட்டா எப்படிப் பாயுமோ அப்படித்தான் குடி நின்ன மூளை. கை நடுக்கம், வேர்வை, வேகமான நாடி, பயம், தூக்கமின்மை எல்லாம் அந்தப் பாய்ச்சல்தான். டயசிபாம் மாதிரி பென்சோடயசிபீன் மருந்துங்க அதே காபா இடத்துல வேலை செய்றதால அந்தச் சுமைய கொஞ்சம் திரும்ப ஏத்தி, அப்புறம் மெல்ல மெல்ல எறக்க முடியுது. வெறும் தூக்க மாத்திரை குடுக்கிறோம்னு நெனைக்கக் கூடாது, விட்டுப்போன வேலைய கொஞ்ச நாளைக்கு இன்னொன்னை வச்சு செய்ய வைக்கிறோம்.

நேரக் கணக்கு ஒன்னு மனசுல இருக்கணும், கடைசியா குடிச்ச நேரத்துல இருந்து எண்ணணும், அட்மிஷன் நேரத்துல இருந்து இல்ல. நடுக்கமும் வேர்வையும் 6 மணித்தியாலத்துக்கு அப்புறம் தொடங்கும். வலிப்பு வர்றதுன்னா 6ல இருந்து 48 மணித்தியாலத்துக்குள்ள வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ்னு சொல்ற அந்தப் பெரிய குழப்பம், ஆளையும் இடத்தையும் தெரியாம, இல்லாததைப் பார்த்துக்கிட்டு, காய்ச்சலும் வேர்வையுமா வர்றது, பெரும்பாலும் 48ல இருந்து 96 மணித்தியாலத்துக்குள்ள. அதைக் கவனிக்காம விட்டா உயிர் போகும். அதனாலதான் பெட் ஹெட் டிக்கெட்ல மொத வரியிலேயே "கடைசிக் குடி: திங்கள் இரவு 7 மணி" மாதிரி எழுதி வைக்கணும், ராத்திரி டியூட்டிக்கு வர்றவங்க அதை வச்சுத்தான் எந்தக் கட்டத்துல நிக்கிறோம்னு பார்ப்பாங்க.

இந்த நேரத்தை எப்படிக் கேட்டு எடுக்கிறதுங்கிறதுதான் நம்ம பக்கத்துல பெரிய வேலை. "குடிப்பீங்களா?"ன்னு மனைவி, மாமியார், பெரியப்பா எல்லாம் சுத்தி நிக்கும்போது கேட்டா "இல்லங்க மிஸ், எப்பவாவது திருவிழாவுக்கு"ன்னுதான் பதில் வரும். வந்தவங்களை வெளியே நிக்கச் சொல்லிட்டு, திரைய இழுத்துவிட்டு, தாழ்ந்த குரல்ல "அண்ணே, கடைசியா எப்பக் குடிச்சீங்க, நேத்தா முந்தாநேத்தா?"ன்னு கேளுங்க. குடிக்கிறது தெரிஞ்ச விசயம் மாதிரி கேட்டா ஆள் கூச்சப்பட மாட்டார். அடுத்து அளவு. கால் போத்தலா அரைப் போத்தலான்னு கேளுங்க, அவங்க பேசுற அளவு அதுதான். 750 மில்லிலீட்டர் போத்தல்ல அரைன்னா 375, சாராயம் சுமார் 33 வீதம்னு வச்சா கிட்டத்தட்ட 100 கிராம் அல்கஹோல், அதை தினமும் குடிக்கிறவர் நின்னா நடுங்க வாய்ப்பு அதிகம். கசிப்புன்னு சொன்னா அளவை நம்ப முடியாது, ஒவ்வொரு தடவை காய்ச்சுறதும் ஒவ்வொரு வீரியம், அதோட கண் மங்குது, மூச்சு ஆழமா வாங்குதுன்னா மெதனோல் கலந்திருக்கலாம், அது வேற அவசரம், உடனே டொக்டருக்குச் சொல்லணும். மூணாவது கேள்விய யாரும் மறக்கக் கூடாது: "இதுக்கு முந்தி குடிய விட்டப்ப வலிப்பு வந்திருக்கா, ஆள் தெரியாமப் பேசியிருக்கீங்களா?" இதுக்கு ஆமான்னா அவருக்கு நான் கீழ சொல்ற "ஸ்கோர் ஏறினா மட்டும் மருந்து"ங்கிற முறை சரிவராது, தொடக்கத்துல இருந்தே நேரம் வச்சு மருந்து குடுத்து, அதுக்கு மேல ஸ்கோரையும் பார்க்கணும். இந்தக் கேள்விக்கு மட்டும் மனைவிகிட்ட தனியா கேட்கிறது நல்லது, வலிப்பு வந்தவருக்குத் தனக்கு வந்தது தெரியாது.

இப்ப ஸ்கோர். சீவா-ஏஆர்னு சொல்றது குடி நின்னதால வர்ற பாதிப்பை எண்ணால அளக்கிற, 1989ல வந்த 10 கேள்வி அட்டவணை. குமட்டல், கை நடுக்கம், வேர்வை, பதட்டம், நிலைகொள்ளாமை, தோல்ல ஏதாவது ஊர்ற உணர்வு, காதுல கேட்கிறது, கண்ணுல தெரியுறது, தலைவலி, இந்த ஒன்பதுக்கும் 0ல இருந்து 7 வரைக்கும், பத்தாவது இடம் நேரம் தெரியுதாங்கிறது, அதுக்கு மட்டும் 0ல இருந்து 4. எல்லாம் சேர்ந்து 67. நாடியும் பிரஷரும் இதுல இல்லை, அதைத் தனியா எழுதணும், ஏன்னா பிரஷருக்கு பீட்டா புளொக்கர் குடிக்கிறவருக்கு நாடி ஏறாது, நாடி நல்லாருக்குன்னு நம்பி விட்டுறக் கூடாது.

பார்க்கிற விதம் முக்கியம். நடுக்கத்துக்கு ரெண்டு கையையும் முன்னால நீட்டி விரலை விரிக்கச் சொல்லணும். கண்ணுக்குத் தெரியாம உங்க விரல் நுனிய அவர் விரல் நுனியில வச்சாத்தான் தெரியுதுன்னா 1, கைய நீட்டும்போது நல்லாத் தெரியுதுன்னா 4, நீட்டாமலே ஆடுதுன்னா 7. வேர்வைக்கு உள்ளங்கை மட்டும் ஈரம்னா 1, நெத்தியில முத்து முத்தா நிக்குதுன்னா 4, சட்டை நனைஞ்சு ஊத்துதுன்னா 7. நம்ம பக்கத்துக் குளிர்ல, நுவரெலியாவுல டிசம்பர் ராத்திரியில, போர்வைக்குள்ள சுருண்டு கிடக்கிற ஆளுக்கு நெத்தியில வேர்வைன்னா அதுக்கு உண்மையான அர்த்தம் இருக்கு, அதேநேரம் ரெண்டு கம்பளி போர்த்தியிருந்தா அதை எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. குளிர்ல வர்ற நடுக்கமும் அப்படித்தான், உடம்பு சூடானா அடங்கிடும், கை நீட்டும்போது மட்டும் அதிகமாகிறதில்ல.

தோல், காது, கண் இந்த மூணு கேள்வியிலதான் ஸ்கோர் பொய்யாகிறது. நோயாளிக்குத் தமிழ், கேட்கிறவருக்கு சிங்களம், இடையில அரைகுறையா கைஜாடைன்னா இந்த மூணுக்கும் 0 போட்டுட்டுப் போயிடுவாங்க. அது கேட்கப்படாத கேள்விக்கு விழுந்த 0. தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை, வார்டு எடெண்டனா இருந்தாலும் பரவால்ல, பக்கத்துல வச்சுக்கிட்டு இப்படிக் கேளுங்க: "கையில கால்ல எறும்பு ஊர்ற மாதிரி, ஊசி குத்துற மாதிரி, அரிக்கிற மாதிரி இருக்கா? சின்னச் சத்தம்கூடப் பெருசா கேட்டுத் திடுக்குன்னு இருக்கா, யாரும் இல்லாம யாராவது கூப்பிடுறாங்களா? லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துதா, சுவத்துல ஏதாவது அசையுற மாதிரி தெரியுதா?" பேய் பிசாசுன்னு பேச்சை எடுக்காதீங்க, அப்படிக் கேட்டா ஒன்னு பயந்துடுவார், இல்லாட்டி பூசாரிய கூட்டிட்டு வரச் சொல்லுவார், உங்களுக்கு வேண்டியது எண்ணு. இடம் நேரம் கேள்வியில இன்னைக்கு என்ன தேதின்னு மட்டும் கேட்டு, அதிகம் படிக்காத ஒருத்தருக்கு 2, 3ன்னு போடுறதும் தப்பு. என்ன கிழமை, எந்த மாசம், இது எந்த இடம், உங்களை யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு கேளுங்க, குடும்பத்தில ஒருத்தர்கிட்ட வழக்கமா இவருக்குத் தேதி நினைவிருக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அடுத்து மருந்து. வார்டு முறையில எளிமையா இப்படி வச்சுக்கலாம். ஸ்கோர் 8க்குக் கீழன்னா மருந்து இல்லை, 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பார்க்கிறது. 8ல இருந்து 15 வரைக்கும்னா டயசிபாம் 10 மில்லிகிராம் வாயால, ஒரு மணித்தியாலத்துல திரும்ப ஸ்கோர். 16ம் அதுக்கு மேலயும்னா 20 மில்லிகிராம், ஒரு மணித்தியாலத்துல திரும்ப ஸ்கோர், அதோட டொக்டருக்கு போன். ஸ்கோர் 8க்குக் கீழ வர்ற வரைக்கும் இந்த மணிக்கணக்குச் சுத்து ஓடும். ஏன் ஒரு மணித்தியாலம்னா வாயால குடுத்த டயசிபாம் இரத்தத்துல உச்சத்துக்கு ஏற அவ்வளவு நேரம் எடுக்குது, இருபது நிமிஷத்துல "இன்னும் அடங்கல"ன்னு அடுத்ததைக் குடுத்தா ரெண்டும் சேர்ந்து ஏறும்போது ஆள் மூச்சு விட மறந்துடுவார். உங்க யூனிட் கன்சல்டன் எழுதி வச்ச எல்லைகள் இதுல இருந்து கொஞ்சம் வேறயா இருக்கலாம், எழுதி வச்சதைத்தான் பின்பத்தணும், ஆனா ஸ்கோர், மருந்து, திரும்ப ஸ்கோர்ங்கிற வரிசை எங்கயும் மாறாது.

டயசிபாம் இல்லாம குளோர்டயசிபொக்சைட் இருந்தா 10 மில்லிகிராம் டயசிபாமுக்கு 25 மில்லிகிராம் அதுன்னு ஏறக்குறைய வச்சுக்கலாம். மஞ்சக் காமாலை, வயித்துல தண்ணி, ஈரல் பழுதுன்னு தெரிஞ்சவருக்கு டயசிபாம் வேண்டாம், லொரசிபாம் 1 மில்லிகிராமை 10 மில்லிகிராம் டயசிபாமுக்குப் பதிலா எடுத்துக்கலாம். காரணம் டயசிபாமை ஈரல் பல படியா உடைக்கணும், உடைஞ்சு வர்றதும் இன்னும் நாள்கணக்கா வேலை செய்ற மருந்துதான், பழுதான ஈரல்ல அது சேர்ந்துக்கிட்டே போகும். லொரசிபாமை ஈரல் ஒரே படியில கழிச்சு விட்டுடும். நல்ல ஈரல் உள்ளவருக்கு அதே நீண்ட வேலைதான் டயசிபாமோட வசதி, ரெண்டாம் நாளோட மருந்து நின்னாலும் உடம்புக்குள்ள அது தானா மெல்ல எறங்கும். வாயால குடுக்க முடியலன்னா டயசிபாமை தசையில ஊசி போடாதீங்க, எவ்வளவு உறிஞ்சும்னு சொல்ல முடியாது, நரம்புல மெதுவா போடணும், அது டொக்டர் பக்கத்துல நிக்கிறப்போ, மூச்சும் ஒக்சிஜனும் பார்த்துக்கிட்டே.

இப்ப ஒரு ஆளை எடுத்துக்கலாம். கற்பனை ஆள்தான், ஆனா இவர் மாதிரி பலரை நம்ம வார்டுகள்ல பார்க்கலாம். வயசு 46, கவ்வாத்து வெட்டுறவர், கத்தி பட்ட கெண்டைக்கால்ல சீழ் பிடிச்சு செலுலைட்டிஸ், காய்ச்சல் 38.2. திங்கள் ராத்திரி 7 மணிக்குக் கடைசியா குடிச்சிருக்கார், தினமும் அரைப் போத்தல், முந்தி வலிப்பு இல்லை. சாப்பாடு ரெண்டு மாசமா சரியில்லை, மெலிஞ்சிருக்கார்னு மனைவி சொல்றாங்க. செவ்வாய் காலை 9 மணிக்கு வார்டுக்கு வர்றார்.

10 மணிக்கு மொத ஸ்கோர், கடைசிக் குடியில இருந்து 15 மணித்தியாலம். குமட்டல் 2, நடுக்கம் 4, வேர்வை 2, பதட்டம் 3, நிலைகொள்ளாமை 1, தலைவலி 1, மத்ததெல்லாம் 0. மொத்தம் 13. மருந்து 10 மில்லிகிராம். 11 மணிக்கு 11, இன்னொரு 10 மில்லிகிராம். 12 மணிக்கு 7, மருந்து இல்லை. மத்தியானம் சோறு கொஞ்சம் சாப்பிட்டுத் தூங்குறார். 4 மணிக்கு 6. இங்கதான் வழக்கமா ஏமாந்துபோறது, டியூட்டி மாறும்போது "அந்தக் கட்டில் அண்ணன் அடங்கிட்டார்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, 4 மணித்தியாலப் பார்வையும் விட்டுப்போகும். கடைசிக் குடியில இருந்து இன்னும் 24 மணித்தியாலமே ஆகல, வலிப்புக்கான நேரம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

8 மணிக்கு அவர் கட்டில்ல உக்காந்து கால்கட்டைப் பிரிக்கிறார். குமட்டல் 3, நடுக்கம் 5, வேர்வை 4, பதட்டம் 4, நிலைகொள்ளாமை 3, தோல்ல ஊர்றது 2, கண்ணுல வெளிச்சம் குத்துறது 1, தலைவலி 1, காதுக்கு 0, இடம் நேரம் 0. மொத்தம் 23. 20 மில்லிகிராம் குடுத்துட்டு டொக்டரைக் கூப்பிடுறாங்க, கூப்பிட்டதும் டொக்டர் கேட்கிறது குடியைப் பத்தி மட்டும் இல்லை. இரத்தச் சீனி பார்த்தீங்களா, காய்ச்சல் எவ்வளவு, தலையில அடிபட்ட தடயம் இருக்கா, ஒக்சிஜன் எவ்வளவு? ஏன்னா காய்ச்சலும் வேர்வைய ஏத்தும், சீழ் இரத்தத்துல கலந்தாலும் ஆள் குழம்புவார், சீனி எறங்கினாலும் நடுங்கி வேர்க்கும், குடிச்சிட்டு விழுந்தவருக்கு மண்டைக்குள்ள இரத்தம் கட்டியிருக்கலாம். சீவா அட்டவணை இதையெல்லாம் பிரிச்சுச் சொல்லாது, எல்லாத்துக்கும் எண்ணை ஏத்திக் காட்டும். இவருக்குச் சீனி 98, காய்ச்சல் 37.9ன்னு எறங்கியிருக்கு, கால் சிவப்பு கூடல, மண்டையில காயம் இல்லை, ரெண்டு கண்பாவையும் சமம். குடி நின்னதால வர்ற வித்ட்ரோவல்தான்னு வச்சுத் தொடர்றாங்க.

9 மணிக்கு 17, இன்னொரு 20. 10 மணிக்கு 12, அதுக்கு 10. 11 மணிக்கு 7, கண் செருகித் தூங்குறார், கூப்பிட்டா முழிச்சுப் பதில் சொல்றார், மூச்சு நிமிஷத்துக்கு 16, ஒக்சிஜன் 96. காலையில இருந்து மொத்தம் 70 மில்லிகிராம். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் ராத்திரி 8 மணிக்கு 5 மில்லிகிராம் குடுத்திருந்தா அவர் விடியிறதுக்குள்ள வலிப்புல விழுந்திருக்கலாம், அதே மாதிரி "நல்லாத் தூங்கட்டும்"னு 11 மணிக்கு இன்னொரு 20 குடுத்திருந்தா மூச்சு குறைஞ்சிருக்கலாம். ஸ்கோர் ரெண்டு பக்கமும் காப்பாத்துது. தூங்குறவரை ஸ்கோர் போட எழுப்ப வேண்டியதில்லை, ஆனா தூக்கமா மயக்கமான்னு பார்த்தே ஆகணும், பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ முழிக்கணும், மூச்சு நிமிஷத்துக்கு 12க்குக் கீழ போனாலோ ஒக்சிஜன் 94க்குக் கீழ போனாலோ அடுத்த மருந்தை நிப்பாட்டி உடனே டொக்டரைக் கூப்பிடணும். புதன் காலை 6 மணிக்கு 9, இன்னொரு 10 மில்லிகிராம். அப்புறம் 6, 5, 4ன்னு எறங்கிச்சு. 24 மணித்தியாலம் முழுக்க 8க்குக் கீழ நின்னதும் ஸ்கோர் சுத்தை நிப்பாட்டினாங்க. மொத்தம் 80 மில்லிகிராம். நாளுக்கு நாலு வேளை குளோர்டயசிபொக்சைட்னு ஆரம்பிச்சு ஒரு வாரம் இழுக்கிற பழைய முறையில இவர் ஒரு வாரம் தூங்கி வழிஞ்சிருப்பார், கால் காயத்தோட நடக்கிறதுக்கும் கஷ்டம். ஆனா மணிக்கணக்கா ஸ்கோர் போட ஆள் இல்லாத வார்டுல, ராத்திரி அத்தனை கட்டிலுக்கும் ஒரே நர்ஸ் நிக்கிற இடத்துல, அந்தப் பழைய நேரமுறைதான் பாதுகாப்பு. ஸ்கோர் போடாம ஸ்கோர் முறைன்னு எழுதி வச்சா நோயாளிக்கு மருந்தே கிடைக்காது.

இவ்வளவு நேரம் தயமின் பத்திப் பேசாம இருந்ததுக்குக் காரணம் அதைத் தனியா சொல்லணும். வார்டுல அதிகமா விட்டுப்போறது இதுதான். தயமின்ங்கிறது பீ1 விட்டமின், சீனிய உடம்பு எரிக்கிறதுக்கு அது வேணும். சாப்பாடு குறைஞ்சு குடிச்சவருக்குக் குடல் அதைச் சரியா உறிஞ்சாது, ஈரல்ல சேமிப்பும் குறைவு. வெறும் பீ கொம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிட்டா தயமின் குடுத்தாச்சுன்னு நெனைக்கிறாங்க, அதுல இருக்கிறதும் போதாது, உறிஞ்சுறதும் போதாது. தயமின் தீர்ந்துபோன மூளைக்கு வர்றதுதான் வெர்னிக்கே. பாடத்துல மூணு அடையாளம், குழப்பம், கண் அசைவு கோளாறு, தள்ளாட்டம். மூணும் ஒன்னா வர்றது பத்துல ஒருத்தருக்கு கொஞ்சம் கூடக்குறையத்தான். மூணும் வரட்டும்னு காத்திருந்தா நினைவு அழிஞ்ச கோர்சகோஃப் நிலையில அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும், அது திரும்பாது.

அதனால நம்ம ஆளுக்கு அட்மிஷன்லேயே, மொத ஸ்கோர் போட்ட கையோட, தயமின் 200 மில்லிகிராம் நரம்புல. 100 மில்லிலீட்டர் நோர்மல் சேலைன்ல கலந்து அரை மணித்தியாலம் ஓட விடலாம். கூடவே ஒரு எச்சரிக்கை: அவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப் ஏத்தப்போறாங்கன்னா தயமின் முந்தி போகணும், இல்லாட்டி உடம்பு இருக்கிற கொஞ்ச நஞ்ச தயமினையும் சீனிய எரிக்கவே செலவழிச்சுடும். ஆனா சீனி எறங்கி மயங்கிக் கிடக்கிறவருக்கு "தயமின் ஸ்டோர்ல இருந்து வரட்டும்"னு டெக்ஸ்ட்ரோஸைத் தள்ளிப்போடக் கூடாது, ரெண்டையும் கூடவே குடுக்கணும், அங்க மூளைக்குச் சீனிதான் மொத அவசரம்.

புதன் காலையில கழிவறைக்குப் போக எழும்பினவர் காலை அகட்டி வச்சு, சுவத்தைப் பிடிச்சு நடக்கிறார். கண்ணைப் பக்கவாட்டுல பார்க்கச் சொன்னா கண் துடிக்குது. இதுல ஒரு சிக்கல் இருக்கு, 80 மில்லிகிராம் டயசிபாம் போன ஆளுக்கும் தள்ளாட்டமும் கண்துடிப்பும் வரலாம், கட்டிலோரத்துல நின்னு ரெண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையில்லை. மெலிஞ்சு போன, சாப்பிடாத, குடிச்ச ஆளுக்கு இந்த ரெண்டு அடையாளம் போதும், வெர்னிக்கேன்னு வச்சு மருந்தைக் கூட்டணும். 500 மில்லிகிராம் நரம்புல, நாளுக்கு மூணு தடவை, மூணு நாளைக்கு. வார்டுல உள்ள ஆம்பியூல் 100 மில்லிகிராம்னா ஒரு தடவைக்கு அஞ்சு ஆம்பியூல், ஒரு நாளைக்கு பதினஞ்சு, ஃபார்மசிக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பாட்டி ராத்திரி வேளைக்கு வெறும் கையோட நிக்க வேண்டி வரும். ஒவ்வாமை ரொம்பக் குறைவுதான், ஆனாலும் மெதுவா ஏத்தணும், மொத தடவை பக்கத்துல நிக்கணும், அட்ரெனலின் ட்ரொலியில இருக்கணும். மூணு நாளைக்கு அப்புறம் தேறிட்டு வந்தா 250 மில்லிகிராம் நாளுக்கு ஒரு தடவை இன்னும் அஞ்சு நாள். தேறலன்னா மக்னீசியம் பாருங்க, மக்னீசியம் குறைஞ்சா தயமின் எவ்வளவு ஊத்தினாலும் வேலை செய்யாது, குடிக்கிறவங்களுக்கு அது அடிக்கடி குறைஞ்சிருக்கும், வயித்தோட்டமும் வாந்தியும் இருந்தா இன்னும் குறைவு.

வலிப்பு வந்துட்டா என்ன பண்றது? பக்கவாட்டுல படுக்க வைங்க, சீனி பாருங்க, ஒக்சிஜன் குடுங்க, டயசிபாம் 10 மில்லிகிராம் நரம்புல மெதுவா. நிறைய பேர் உடனே பெனிட்டொயின் போடப் போவாங்க, வித்ட்ரோவல் வலிப்புக்கு அது உதவாது. ஆளுக்கு முந்தி வலிப்பு நோய் இருக்குன்னாதான் அதுக்கு வேலை. ஒரு பக்கம் மட்டும் வலிப்பு இழுத்தா, 48 மணித்தியாலம் தாண்டி மொத தடவையா வந்தா, வலிப்பு நின்னும் ஆள் தெளியலன்னா அது குடி வலிப்புன்னு முடிவு கட்டாதீங்க, ஸ்கான் கேளுங்க, அது இல்லாத இடத்துல இருந்தா மாத்தி அனுப்புற ஏற்பாட்டை அப்பவே தொடங்குங்க, மலைப் பாதையில ராத்திரி அம்புலன்ஸ் போறதுக்கு நேரம் எடுக்கும். ஆள் கத்துறார்னு ஹலோபெரிடோல் மட்டும் போடுறதும் நல்லதில்லை, அது தனியா போனா வலிப்பு வர்ற வாசலைத் திறந்து விடும், பென்சோடயசிபீனோட சேர்த்துத்தான், அதுவும் டொக்டர் சொன்னா.

கட்டில்ல கைகாலைக் கட்டிப்போடுறது இன்னும் சில இடத்துல நடக்குது. கட்டினவர் அதை எதிர்த்து மல்லுக்கட்டிக்கிட்டே இருப்பார், உடம்பு சூடேறும், தசை கிழியும், கட்டிக் கிடக்கும்போது வாந்தி எடுத்தா மூச்சுக்குள்ள போயிடும், நீங்க அவரை அடக்கிட்டீங்கன்னு நெனைக்கும்போது அவர் சாகலாம். கட்டுறதுக்குப் பதிலா ஸ்கோர் போடுங்க, அவ்வளவு அடங்காம இருக்கிறவருக்கு ஸ்கோர் 20க்கு மேலதான் இருக்கும், அப்ப குறையா குடுத்திருக்கோம்னு அர்த்தம். லைட்டைக் கொஞ்சம் தணிங்க, முழுசா அணைக்காதீங்க, இருட்டுல நிழல் கூடும். ஒரே குரல் பேசட்டும், முடிஞ்சா மனைவியோ அம்மாவோ பக்கத்துல உக்காரட்டும், "அண்ணே, இது ஆஸ்பத்திரி, புதன்கிழமை காலை, கால் காயத்துக்கு வந்திருக்கீங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க, அது மருந்து இல்லாட்டியும் ஸ்கோரை எறக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கையில டயசிபாம் பக்கெட் குடுத்து அனுப்பக் கூடாது, குடியோட சேர்த்து விழுங்கினா மூச்சு நிக்கும். தயமின் 100 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு மூணு தடவை, குறைஞ்சது சில வாரம், சாப்பாடு பழையபடி வர்ற வரைக்கும். டிக்கெட்டோட டயக்னோசிஸ் கார்டுல "செலுலைட்டிஸ்"னு மட்டும் எழுதாம, வித்ட்ரோவல் வந்தது, உச்ச ஸ்கோர் 23, மொத்த டயசிபாம் 80 மில்லிகிராம், வெர்னிக்கேன்னு வச்சு மருந்து குடுத்தது, வலிப்பு வரலன்னு எழுதுங்க. அடுத்த தடவை அவர் வேற ஏதாவது காய்ச்சலோட வரும்போது, தோட்ட டிஸ்பென்சரியில இருந்து வர்ற அந்தக் காகிதத்தைப் பார்க்கிற டொக்டருக்கு கடைசிக் குடி எப்பன்னு கேட்கணும்னு அந்த வரிதான் சொல்லும், ஏன்னா ஒவ்வொரு தடவை நிப்பாட்டும்போதும் வித்ட்ரோவல் முந்தினதை விடக் கடுமையா வர்றது சகஜம்.